வேலையை விட்டாச்சு, கடிதம் எங்கே?



நம் உறுப்பினர்களின் மகள்களும் மருமகள்களும் இப்போது தனியார் மருத்துவமனை, பனியன் கம்பெனி, நூல் மில், பள்ளிக்கூடம் என்று பல இடங்களில் மாதச் சம்பளத்துக்குப் போகிறார்கள். வேலையில் சேரும்போது எல்லாம் சுமுகமாக நடக்கிறது. சிக்கல் வருவது விலகும்போதுதான். "ரிசைன் பண்ணி ரெண்டு மாசம் ஆச்சுக்கா, இன்னும் ரிலீவிங் லெட்டர் தரலை. புது இடத்துல கேட்டுக்கிட்டே இருக்காங்க" என்ற பேச்சை எங்கள் களப்பணியில் அடிக்கடி கேட்கிறோம். இழுத்தடிக்கும் முதலாளியிடம் அந்தக் கடிதத்தை எப்படிக் கேட்டு வாங்குவது என்று இந்த இதழில் பார்ப்போம்.

இரண்டும் ஒன்றல்ல

கேட்க வேண்டியது இரண்டு கடிதங்கள். ரிலீவிங் லெட்டர் என்பது விடுவிப்புக் கடிதம். "இவருடைய விலகலை ஏற்றுக்கொண்டோம், இன்ன தேதியோடு இவரை வேலையிலிருந்து விடுவித்துவிட்டோம்" என்று அது சொல்லும். பழைய இடத்தை முறையாக விட்டுவிட்டுத்தான் வருகிறாரா என்று பார்க்க, புதிய முதலாளி இதைக் கேட்கிறார்.

அனுபவச் சான்றிதழ் என்பது வேறு. எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, என்ன வேலை, எந்தப் பிரிவில் பார்த்தார் என்று அது சொல்லும். புது இடத்தில் சம்பளம் பேசுவதும், வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிப்பதும் இதை வைத்துத்தான்.

சில இடங்களில் இரண்டையும் ஒரே தாளில் கொடுப்பார்கள். அது போதும். ஆனால் கேட்கும்போது இரண்டின் பெயரையும் எழுதித்தான் கேட்க வேண்டும். "லெட்டர் கொடுங்க சார்" என்று பொதுவாகக் கேட்டால், ஒன்றைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். மற்றதற்கு மறுபடி நடக்க வேண்டும்.

ஒரு நர்ஸ் தங்கையின் கதை

இனி சொல்லப்போவது எங்கள் பகுதிகளில் பார்க்கும் பல நிகழ்வுகளைச் சேர்த்து எழுதிய ஒரு கதை. ஊரும் பெயரும் வேண்டாம், தங்கை என்றே சொல்வோம். நர்சிங் படித்த தங்கை, பக்கத்து டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையில் மூன்று வருடத்துக்கு மேல் ஸ்டாஃப் நர்ஸ். வேறு ஊரில் கொஞ்சம் பெரிய மருத்துவமனையில் நல்ல சம்பளத்துக்கு வேலை கிடைத்தது. செப்டம்பர் 5-ஆம் தேதி சேர வேண்டும்.

தங்கை முதலில் தன் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்துப் படித்தாள். விலகுவதற்கு ஒரு மாதம் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு மாதச் சம்பளம் கட்ட வேண்டும் என்று அதில் இருந்தது. இதைத்தான் நோட்டீஸ் காலம் என்கிறோம். நிறையப் பேருக்குக் கடிதம் சிக்குவது இந்த இடத்தில்தான். சொல்லாமல் நின்றுவிட்டாலோ, பாதி நோட்டீஸில் கிளம்பிவிட்டாலோ, "முறையாக விடுவித்தோம்" என்று எழுத நிர்வாகத்துக்கு மனம் வராது. அந்தக் குறை நம் பக்கம் இருக்கக் கூடாது.

ஆகஸ்ட் 1-ஆம் தேதி தங்கை விலகல் கடிதத்தை இரண்டு பிரதி எழுதினாள். "இன்று முதல் 30 நாள் நோட்டீஸ் தருகிறேன், ஆகஸ்ட் 30 என் கடைசி வேலை நாள்" என்று தேதி போட்டு எழுதினாள். ஒரு பிரதியைக் கொடுத்துவிட்டு, இன்னொன்றில் அலுவலக முத்திரையும் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொண்டாள். முத்திரை வாங்கிய இந்தப் பிரதி பத்திரமாக இருக்க வேண்டும். பின்னால் யாராவது "நீ சொல்லவே இல்லையே" என்றால் இதுதான் பேசும்.

கையெழுத்துப் போட மறுத்தால் சண்டை வேண்டாம். அதே நாளில் அந்தக் கடிதத்தை நிர்வாகத்தின் ஈமெயிலுக்கும் அனுப்பி, ஸ்பீடு போஸ்ட்டிலும் போட்டுவிட வேண்டும். முன்பு பதிவுத் தபால் என்று தனியாக இருந்ததை 2025-இல் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். ரசீதில் இருக்கும் எண்ணைப் போட்டுப் பார்த்தால், எந்தத் தேதியில் போய்ச் சேர்ந்தது என்று தெரியும். அதை ஒரு பிரின்ட் எடுத்து ரசீதோடு குத்தி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி நாளில் செய்ய வேண்டியது

பெரும்பாலான இடங்களில் கிளம்புவதற்கு முன் 'நோ டியூ' என்று ஒரு தாள் கொடுப்பார்கள். ஸ்டோர், பார்மசி, விடுதி, கணக்குப் பிரிவு என்று ஒவ்வொரு இடமாகப் போய், "இவர் எதுவும் பாக்கி வைக்கவில்லை" என்று கையெழுத்து வாங்க வேண்டும். ஐ.டி. கார்டு, யூனிஃபார்ம், லாக்கர் சாவி எல்லாவற்றையும் ஒப்படைக்க வேண்டும். அந்தத் தாள் முழுதாக நிரம்பினால்தான் அலுவலகத்தில் கடிதம் தயார் செய்வார்கள். தாளைக் கொடுப்பதற்கு முன் கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

அன்றைக்கே இன்னொரு வேலையும் இருக்கிறது. இரண்டு கடிதங்களையும் கேட்டு எழுத்தில் ஒரு விண்ணப்பம் கொடுக்க வேண்டும். "அதெல்லாம் தானா வரும்மா, நீ போ" என்பார்கள். தானாக வந்தால் சந்தோஷம். வராவிட்டால், எந்தத் தேதியில் கேட்டோம் என்பதற்கு அத்தாட்சி வேண்டும் அல்லவா?

கையெழுத்துப் போடும்போது ஒன்றைக் கவனியுங்கள். "எனக்குச் சேர வேண்டிய தொகை முழுவதையும் பெற்றுக்கொண்டேன்" என்று அச்சடித்த தாளை நீட்டுவார்கள். பணம் கைக்கு வராமல் அதில் கையெழுத்துப் போடக் கூடாது. வெற்றுத்தாளில் கண்டிப்பாகக் கூடாது. கட்டாயப்படுத்தினால் "தொகை இன்னும் வரவில்லை" என்று நம் கையால் எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போடலாம்.

கடைசிச் சம்பளத்துக்குச் சட்டத்தில் கெடு இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, ஒருவர் வேலையை விட்டு விலகினால் அவருக்குச் சேர வேண்டிய சம்பளத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். ரிலீவிங் லெட்டருக்கு இப்படி ஒரு கெடு எல்லா வேலைக்கும் பொதுவாக எழுதி வைக்கப்படவில்லை. அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் இருந்தால் அதைக் காட்டிக் கேட்கலாம். ஒப்பந்தக்காரர் மூலம் வேலை பார்த்தவர்களுக்குச் சட்டத்திலேயே ஒரு பிடி உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வைத்து வேலை வாங்கும் ஒப்பந்தக்காரர், தொழிலாளி கேட்டால் அனுபவச் சான்றிதழ் தர வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. மருத்துவமனையில் துப்புரவு வேலையும் மில்லில் ஒப்பந்த வேலையும் பார்க்கும் நம் சகோதரிகள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தாமதமா, தர மனமில்லையா?

நம் தங்கை எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு வந்தாள். செப்டம்பர் 5-ஆம் தேதி வரை கடிதம் வரவில்லை. புது இடத்தில் என்ன சொல்வது?

அவள் ஒளிக்கவில்லை. முத்திரை வாங்கிய விலகல் கடிதம், நோ டியூ தாளின் படம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு ஆகியவற்றைக் காட்டி, "லெட்டர் கேட்டிருக்கிறேன், வந்ததும் தருகிறேன்" என்று எழுதிக் கொடுத்தாள். 45 நாள் அவகாசம் கிடைத்தது. எல்லா இடத்திலும் இப்படி ஒத்துக்கொள்வார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் கையில் தாள் இருந்தால் பேச இடம் இருக்கிறது. அவசரத்தில் யாரிடமாவது போலிச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்துவிடக் கூடாது. புது இடத்தில் இருந்து பழைய இடத்துக்கு விசாரிப்பார்கள். தெரிந்தால் இருக்கிற வேலையும் போய்விடும்.

செப்டம்பர் 8-ஆம் தேதி தங்கை பழைய அலுவலகத்துக்குப் போன் செய்தாள். "எப்போ சார் தருவீங்க?" என்று கேட்டால் "அடுத்த வாரம் பார்க்கலாம்மா" என்றுதான் பதில் வரும். அதனால் அவள் வேறு மாதிரி கேட்டாள். "சார், என் ஃபைல் இப்போ யார் மேஜையில இருக்கு? என்ன குறையுது?" என்றாள்.

இந்தக் கேள்விக்கு வரும் பதிலை வைத்தே நிலைமை புரிந்துவிடும். "எம்.டி. கையெழுத்துக்குப் போயிருக்கு", "அக்கவுண்ட்ஸ்ல நிக்குது" என்று ஓர் இடத்தைச் சொன்னால் அது வெறும் தாமதம், அந்த இடத்தைத் தட்டினால் நகரும். ஒவ்வொரு முறையும் புதுப்புதுக் காரணம் சொன்னாலோ, "திரும்ப வந்து ஒரு மாசம் பாரு, அப்புறம் தர்றோம்" என்றாலோ, ஆர்டரில் இல்லாத பணத்தைக் கட்டச் சொன்னாலோ, அவர்களுக்குத் தர மனமில்லை என்று அர்த்தம். அப்போது நேரில் நடந்து நடந்து பஸ் காசைச் செலவழிப்பதில் பயனில்லை. எழுத்துக்கு மாற வேண்டும்.

தங்கைக்குக் கிடைத்த பதில், "பார்மசி கையெழுத்து இல்லைம்மா, அதான் நிக்குது". அவள் கைபேசிப் படத்தை எடுத்துப் பார்த்தாள். உண்மைதான். அன்றைக்குப் பார்மசி பொறுப்பாளர் லீவு, அந்தக் கட்டம் காலியாகவே இருந்தது. அடுத்த நாளே போய் அந்தக் கையெழுத்தை வாங்கிக் கொடுத்தாள். அதன் பிறகும் பத்து நாள் ஓடியது. இப்போது "மேனேஜர் ஊரில் இல்லை" என்றார்கள். அதற்கடுத்த போனில் "ஆள் பற்றாக்குறையில விட்டுட்டுப் போயிட்டே, இப்ப என்ன அவசரம்?" என்றார்கள். தாமதம் எங்கே முடிந்து, மனமில்லாமை எங்கே தொடங்கியது என்று அவளுக்குப் புரிந்தது.

எழுத்தில் கேட்பது

செப்டம்பர் 20-ஆம் தேதி தங்கை ஒரு நினைவூட்டுக் கடிதம் எழுதினாள். இந்த முறை மேனேஜருக்கு இல்லை, அவருக்கு மேலே இருக்கும் நிர்வாக இயக்குநருக்கு. ஒரு பிரதியை மட்டும் மேனேஜருக்கு அனுப்பினாள். பல நேரங்களில் கீழே ஒரு மேஜையில் கிடக்கும் ஃபைல் மேலே இருப்பவர் கண்ணுக்கே போயிருக்காது. அந்தக் கடிதத்தின் மாதிரியைக் கீழே தருகிறோம். தமிழிலேயே எழுதலாம்.

> பெறுநர்: நிர்வாக இயக்குநர் அவர்கள்,
> (மருத்துவமனையின் பெயர், ஊர்)
>
> பொருள்: ரிலீவிங் லெட்டர் மற்றும் அனுபவச் சான்றிதழ் கேட்டல் – நினைவூட்டு
>
> ஐயா,
>
> நான் தங்கள் மருத்துவமனையில் ____ தேதி முதல் ஸ்டாஃப் நர்ஸாகப் பணிபுரிந்தேன். என் பணியாளர் எண் ____. ஆகஸ்ட் 1 அன்று விலகல் கடிதம் கொடுத்து, 30 நாள் நோட்டீஸை முழுவதும் பணிபுரிந்து முடித்து, ஆகஸ்ட் 30 அன்று பொறுப்புகளை ஒப்படைத்தேன்.
>
> ஆகஸ்ட் 30 அன்று மேற்கண்ட இரண்டு கடிதங்களையும் கேட்டு விண்ணப்பம் கொடுத்தேன். நோ டியூ தாளில் விடுபட்ட கையெழுத்தையும் செப்டம்பர் 9 அன்று பெற்றுக் கொடுத்துவிட்டேன். இதுவரை கடிதங்கள் கிடைக்கவில்லை.
>
> என் பக்கம் ஏதேனும் பாக்கி இருந்தால் எழுத்தில் தெரிவிக்கவும். இல்லையெனில் இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் இரண்டையும் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.
>
> இணைப்பு: விலகல் கடிதம், நோ டியூ தாள், ஆகஸ்ட் 30 விண்ணப்பம் – நகல்கள்.

இந்தக் கடிதத்தில் கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை. எந்தத் தேதியில் என்ன நடந்தது என்பது மட்டும் இருக்கிறது. "பாக்கி இருந்தால் எழுத்தில் தெரிவிக்கவும்" என்ற வரிதான் இதில் முக்கியம். பொய்க் காரணத்தை வாயால் சொல்வது சுலபம், தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவது கஷ்டம். பெரும்பாலும் அந்த வரிக்குப் பிறகு வேலை நகரும்.

சம்பளப் பாக்கி இருந்தால் அதை இந்தக் கடிதத்தில் கலக்காதீர்கள். அதற்குத் தனிக் கடிதம் எழுதுங்கள். இரண்டையும் சேர்த்தால், "கணக்கு முடியட்டும், அப்புறம் லெட்டர்" என்று சொல்ல அவர்களுக்கு வாய்ப்புக் கிடைத்துவிடும்.

வேலையில் சேரும்போது வாங்கி வைத்த அசல் படிப்புச் சான்றிதழைத் திருப்பித் தராமல் இருப்பதும் நடக்கிறது. அதற்கும் தனிக் கடிதம்தான். என்னென்ன சான்றிதழ் கொடுத்தோம் என்று ஒவ்வொன்றாகப் பட்டியல் போட்டுக் கேளுங்கள். ஒருவரின் படிப்புச் சான்றிதழ் அடகுப் பொருள் அல்ல, பணப் பாக்கிக்காக அதைப் பிடித்து வைக்க முடியாது என்று கல்லூரிகள் தொடர்பான வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

15 நாளும் கடந்துவிட்டால்

அப்போது போக வேண்டிய இடங்கள் இரண்டு. சம்பளமும் நிற்கிறது என்றால் மாவட்டத் தலைநகரில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம். மனுவில் கடிதப் பிரச்சினையையும் சொல்லலாம்.

கடிதம் மட்டும்தான் பிரச்சினை என்றால், நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கோ, தாலுகாவில் உள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவுக்கோ போகலாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு அங்கே சட்ட உதவி இலவசம். வருமானம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை. வழக்குப் போடுவதற்கு முன்பே எதிர்த் தரப்பைக் கூப்பிட்டுப் பேசி முடிக்கவும் அவர்கள் உதவுவார்கள். தொலைபேசியில் கேட்க 15100 என்ற எண் இருக்கிறது. எங்கே போனாலும் முதல் கேள்வி, "எழுத்தில் கேட்டீங்களா, அத்தாட்சி இருக்கா?" என்பதுதான்.

நம் தங்கைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டி வரவில்லை. நினைவூட்டுக் கடிதம் போய்ச் சேர்ந்த ஒன்பதாம் நாள், வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லிப் போன் வந்தது.

வாங்கியவுடன் படிக்க வேண்டும்

கடிதம் கைக்கு வந்த சந்தோஷத்தில் அப்படியே மடித்து வைத்துவிடக் கூடாது. தங்கை அங்கேயே நின்று படித்தாள். அனுபவச் சான்றிதழில் கடைசி நாள் ஆகஸ்ட் 1 என்று அடித்திருந்தார்கள். அது விலகல் கடிதம் கொடுத்த தேதி. ஒரு மாத அனுபவம் காணாமல் போவதோடு, ரிலீவிங் லெட்டரில் ஆகஸ்ட் 30 என்றும் இதில் ஆகஸ்ட் 1 என்றும் இருந்தால் புது இடத்தில் சந்தேகம் வரும். முத்திரை வாங்கிய பிரதியைக் காட்டி அன்றைக்கே திருத்தி வாங்கினாள்.

பெயர் ஆதாரிலும் நர்சிங் கவுன்சில் பதிவிலும் இருப்பது போலவே இருக்கிறதா, சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் சரியா, பதவியும் பார்த்த பிரிவும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். நிறுவனத்தின் பெயர் அச்சடித்த தாள், தேதி, கையெழுத்துப் போட்டவரின் பெயர், முத்திரை ஆகியவையும் இருக்க வேண்டும். வெளிநாட்டுக்குப் போக எண்ணம் உள்ள நர்ஸ் என்றால், ஐ.சி.யூ., பிரசவ வார்டு என்று எந்தப் பிரிவு, மருத்துவமனையில் எத்தனை படுக்கை என்பதையும் சேர்த்து எழுதித் தரக் கேளுங்கள். வெளிநாட்டு வேலைகளுக்கு இதைக் கேட்பார்கள்.

கடிதம் வராமலே போனால்

மருத்துவமனையை மூடிவிட்டார்கள், முதலாளி மாறிவிட்டார் என்ற நிலையும் வரலாம். அப்போதும் வேலை பார்த்ததற்கு வேறு சாட்சிகள் இருக்கின்றன. அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், சம்பளச் சீட்டு, சம்பளம் ஏறிய வங்கிப் பாஸ்புக் ஆகியவற்றை வைத்திருங்கள். பி.எஃப். பிடித்திருந்தால் அது இன்னும் வலுவான சாட்சி. பி.எஃப். இணையதளத்தில் நம் யு.ஏ.என். எண்ணில் நுழைந்தால், எந்த நிறுவனம் எந்த மாதம் முதல் பணம் கட்டியது என்று வரும். அதைப் பிரின்ட் எடுத்துக் கொடுக்கலாம்.

அதே இடத்தில் இன்னொரு வேலையும் முடித்துக்கொள்ளலாம். விலகிய தேதியைப் பி.எஃப். கணக்கில் பதிய வேண்டியது பழைய முதலாளி. அவர் பதியாவிட்டால் பணத்தை மாற்றுவதிலும் எடுப்பதிலும் தடங்கல் வரும். கடைசியாகப் பணம் கட்டி இரண்டு மாதம் கழித்து, Manage என்ற இடத்தில் Mark Exit என்பதை அழுத்தி நாமே பதியலாம். ஆதாரில் இணைத்த கைபேசி எண்ணுக்கு ஓ.டி.பி. வரும். தேதியைச் சரியாகப் போடுங்கள்.

உங்கள் வீட்டில் வேலைக்குப் போகும் பெண் இருந்தால், அப்பாயின்ட்மென்ட் ஆர்டரும் சம்பளச் சீட்டும் எங்கே இருக்கின்றன என்று இன்றைக்கே கேட்டு, ஒரு ஃபைலில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். கடிதம் நின்றுபோய்த் தவிப்பவர்கள் இருந்தால், கையில் உள்ள தாள்களை எடுத்துக்கொண்டு அடுத்த குழுக் கூட்டத்துக்கு வரச் சொல்லுங்கள். நினைவூட்டுக் கடிதத்தை அங்கேயே உட்கார்ந்து எழுதிவிடலாம்.